உஷார்! ஏழு வயதில் மார்பு வளர்ந்தால் அது ‘நல்ல வளர்த்தி’ அல்ல

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறதா? அழுத்தினால் பிள்ளை ‘வலிக்குதும்மா’ என்று கையைத் தட்டிவிடுகிறாளா? ‘எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கே இப்படித்தான், எல்லாம் சீக்கிரம்’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். முழுப்பரீட்சை லீவு வரட்டும் என்று தள்ளியும் போடாதீர்கள். பெண் குழந்தைக்கு 8 வயது முடிவதற்குள் மார்பு வளரத் தொடங்கினாலோ, ஆண் குழந்தைக்கு 9 வயது முடிவதற்குள் விதைகள் பெரிதாகத் தொடங்கினாலோ, அது முன்கூட்டிய பூப்பாக இருக்கலாம். நிபுணர் பார்த்தே ஆகவேண்டும்.

நம் வீடுகளில் கணக்கு வைத்துக்கொள்வது ஒரே ஒரு நாளை, பெண் ‘வயசுக்கு வந்த’ நாளை. மாமனுக்குச் சொல்லி அனுப்புவதும் மண்டபம் பார்ப்பதும் அந்த நாளில் இருந்துதான். ஆனால் உடம்பின் கணக்கில் முதல் மாதவிடாய் என்பது பூப்பின் தொடக்கமே அல்ல, ஏறக்குறைய கடைசிக் கட்டம். மார்பு மொட்டு விட்டு இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் அது வருகிறது. அதற்குள் பெண் பிள்ளையின் உயரம் பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும். ரத்தம் பார்த்த பிறகு சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். ஆகவே கவனிக்க வேண்டிய நாள் முதல் மாதவிடாய் அல்ல. மார்பு மொட்டு விட்ட அந்த முதல் வாரம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அவசரம் ஏன் என்று புரியும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. பிறந்த சில மாதங்கள் அது கொஞ்சம் விழித்திருந்து, பிறகு பல வருடங்களுக்கு அடங்கிக் கிடக்கும். காலம் வந்ததும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகச் சுரக்கத் தொடங்கும். முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும், பிறகு பகலிலும். அந்தத் துடிப்பை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை பெண்ணின் சினைப்பையை ஈஸ்ட்ரோஜன் சுரக்க வைக்கின்றன, ஆணின் விதைகளை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கின்றன. மூளை கொடுக்கும் இந்த உத்தரவு வயதுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவது ஒரு வகை. மூளை சும்மா இருக்க, சினைப்பையோ விதையோ அட்ரினல் சுரப்பியோ தன்போக்கில் ஹார்மோனைக் கொட்டுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால் உயரத்தில். ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் குழந்தை கிடுகிடுவென்று வளர்கிறாள். பூப்புக்கு முன் வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிற பிள்ளை, எட்டு ஒன்பது என்று எகிறுகிறாள். பள்ளிப் பிரேயரில் கடைசி வரிசைக்குப் போகிறாள். அக்கம்பக்கத்தார் மெச்சுகிறார்கள். ஆனால் அதே ஈஸ்ட்ரோஜன் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளை முதிர வைத்து, மூடியும் விடுகிறது. இன்று வகுப்பிலேயே உயரமான பிள்ளை, பத்து பதினோரு வயதில் வளர்ச்சி நின்று, பத்தாம் வகுப்பில் வகுப்பிலேயே குள்ளமாக நிற்பாள். அப்போது ஓடி வந்து ‘டாக்டர், உயரத்துக்கு ஏதாவது ஊசி போடுங்க’ என்று கேட்கும் பெற்றோருக்கு, மூடிப்போன எலும்பைக் காட்டுவதைத் தவிர எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். ஒருத்தியின் கதை அல்ல. இப்படி வரும் பல பிள்ளைகளை ஒன்றாக்கிச் சொல்வது. வயது 7, மேலே இரண்டு மாதம். ஆறரை வயதில் இடது பக்கம் மட்டும் கட்டி வந்தது. ஒரு பக்கம் மட்டும் என்பதால் அம்மா பயந்தது புற்றுநோயை நினைத்து. தெரிந்தவர் ஒருவர் ‘கொழுப்புக் கட்டி’ என்று விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். நான்கு மாதத்தில் வலது பக்கமும் வந்தது. (ஒரு பக்கம் முதலில் வருவது சகஜம். அந்தக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போகும். சிறுமியின் மார்பு மொட்டைக் கட்டி என்று எண்ணிக் கத்தி வைக்க யாராவது சொன்னால், கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.) நிபுணரிடம் வந்தபோது உயரம் 127 சென்டிமீட்டர். பள்ளி ஹெல்த் கார்டில் ஒரு வருடத்துக்கு முன் 118 என்று இருந்தது. ஒரே வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர். மருத்துவரின் நெற்றி சுருங்கியது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

முதல் பரிசோதனை வெகு எளியது: இடது கை, மணிக்கட்டோடு ஒரு எக்ஸ்ரே. கையில் உள்ள சின்னச் சின்ன எலும்புகளின் வடிவத்தையும் இடைவெளியையும், வயதுவாரியாக அச்சிட்ட படங்களோடு ஒப்பிட்டு ‘எலும்பு வயது’ சொல்வார்கள். இவளுக்கு ஏழு வயது, எலும்புக்கோ பத்தரை. அப்பா 165, அம்மா 152 சென்டிமீட்டர். இரண்டையும் கூட்டி, பெண் என்பதால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் 152 வருகிறது. இவள் எட்டவேண்டிய உயரம் அதை ஒட்டி இருக்கவேண்டும். எலும்பு ஓடும் வேகத்தில் விட்டால் 145-ஐ ஒட்டியே நின்றுவிடும் என்று கணக்கு சொன்னது.

அடுத்து ரத்தம். சாதாரணமாக எடுக்கும் எல்.எச். பரிசோதனையே பல சமயம் போதும். சந்தேகம் இருந்தால் ஜி.என்.ஆர்.எச். வகை ஊசி ஒன்று போட்டு, அதற்குப் பிறகு குறித்த நேரத்தில் ரத்தம் எடுத்து, எல்.எச். எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். பல ஆய்வகங்களில் 5 யூனிட்டைத் தாண்டினால் மூளையின் உத்தரவு கிளம்பிவிட்டது என்று பொருள். இவளுக்கு 14. வயிற்று ஸ்கேனில் கருப்பை சிறுமியின் அளவைத் தாண்டி வளர்ந்திருந்தது. தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. பூப்பு வேகமாக ஓடியதால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், கட்டி ஏதும் இல்லை. பெண் குழந்தைகளில் மூளையின் உத்தரவால் வரும் முன்பூப்பில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித்தான், காரணம் எதுவும் தென்படாது. ஆறு வயதுக்குள் தொடங்கினாலோ, தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு, வலிப்பு இருந்தாலோ எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப் போடக் கூடாது. காரணமே இல்லாமல் குழந்தை திடீர் திடீரென்று சிரித்து, சிரிப்பு முடிந்ததும் வெறித்துப் பார்க்கிறதா? அது சேட்டை அல்ல. ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு வகைக் கட்டியால் வரும் வலிப்பு சிரிப்பாகவே வரும். முன்பூப்புக்கும் அதே கட்டி காரணமாகும். நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் கட்டாயம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

வைத்தியம் என்ன? லியூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின் ஊசி, மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவளுக்கு 11.25 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒன்று. பிட்யூட்டரிக்கு ஜி.என்.ஆர்.எச். துடிப்புத் துடிப்பாக வந்தால்தான் வேலை செய்யும். ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் மரத்துப்போய் அடங்கிவிடும். இந்த ஊசி செய்வது அதைத்தான். முதல் ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் லேசாக ரத்தம் படலாம். அதைக் கண்டு அலறி, ஊசியால்தான் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டாள் என்று பாதியில் நிறுத்துகிற பெற்றோர் உண்டு. நிறுத்தாதீர்கள், மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மூன்று மாத ஊசியைத் தள்ளிப் போட்டால் அடங்கிய சுரப்பி மறுபடி தலைதூக்கலாம். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பதினோரு வயதை ஒட்டி ஊசியை நிறுத்துவார்கள். அதன் பிறகு ஒன்று, ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் தானாக வரும். பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகும் என்ற பயம் வேண்டாம். இந்த ஊசி கருவளத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. உயரத்தில் நல்ல பலன் கிடைப்பது ஆறு வயதுக்குள் தொடங்கிய பிள்ளைகளுக்கு. ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் ஓரளவு. எட்டைத் தாண்டித் தொடங்கியவர்களுக்கு உயரத்தில் பெரிய லாபம் இல்லை. அவசரம் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

எல்லாமே ஆபத்து என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மார்பு லேசாகப் பெருத்து, உயரம் எகிறாமல், வேறு எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது தானே வடிந்துவிடும். ஏழு வயதில் அக்குளில் பெரியவர் வியர்வை போல வாடையும் இரண்டொரு முடியும் வந்து, மார்பு வளராமல் இருந்தால் அது பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியின் முன்விழிப்பு மட்டுமே. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி தேவையில்லை. மெதுவாக நகரும் பூப்பை ஆறு மாதம் அளந்து பார்த்து விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது பரிசோதித்த மருத்துவர், பக்கத்து வீட்டு அத்தை அல்ல.

ஒன்றை மட்டும் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். மார்பு வளர்ச்சியே இல்லாத சிறுமிக்கு ஜட்டியில் ரத்தம் பட்டால், வயசுக்கு வந்துவிட்டாள் என்று குலவை போடாதீர்கள். உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம், தொற்று, காயம் அல்லது அரிதாகக் கட்டி இருக்கலாம், யாரோ அந்தக் குழந்தையிடம் தவறாக நடந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் ஓலைக் குடிசை கட்டி உட்கார வைத்தால், குழந்தையை நாமே கைவிட்டதாகிவிடும்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் என் பயம் இன்னும் அதிகம். காரணம், யாரும் பார்ப்பதில்லை. ஆறு வயதுக்கு மேல் பையனை யார் குளிப்பாட்டுகிறார்கள்? குரல் உடைந்து மீசை அரும்பும்போதுதான் வீட்டில் கவனிக்கிறார்கள், அது பூப்பின் பின்பாதி. பெண்களைப் போல் அல்லாமல், ஆண் குழந்தைக்கு மூளை உத்தரவால் முன்பூப்பு வந்தால் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் பையனுக்கு இந்த வகை உறுதியானால் எம்.ஆர்.ஐ. கட்டாயம்.

நிபுணரின் மேசையில் ஒரு மணிச்சரம் கிடக்கும். ஒன்று முதல் இருபத்தைந்து மில்லி வரை அளவு எழுதிய, முட்டை வடிவ மணிகள் கோத்த சரம். பெயர் ஆர்க்கிடோமீட்டர். ஒரு கையில் மணியையும் மறு கையில் பையனின் விதையையும் தொட்டு ஒப்பிடுவார். 4 மில்லி மணிக்கு வந்துவிட்டால் பூப்பு தொடங்கிவிட்டது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முடியும் ஆண்குறியும் வளர்ந்து, இரண்டு விதைகளும் பெரிதாகியிருந்தால் உத்தரவு பொதுவாக மூளையிலிருந்து வருகிறது. முடியும் ஆண்குறியும் வளர்ந்து, விதைகள் மட்டும் சின்னதாகவே இருந்தால் ஹார்மோன் வேறு எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் அட்ரினலில் இருந்து. பிறவியிலேயே அட்ரினலில் ஒரு என்சைம் குறைந்த பிள்ளைகள் இப்படி வருவார்கள், மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். ஒரு விதை மட்டும் பெருத்திருந்தால் அதற்குள் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வார்கள். அப்பா தோளில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிக்கொண்டு, காயும் முன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியதால் பிள்ளைக்கு முடி முளைத்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வீட்டில் யாராவது ஹார்மோன் ஜெல், கிரீம் பயன்படுத்தினால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘பிராய்லர் கோழிதானே காரணம்?’ இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. பிராய்லர் கோழி ஆறே வாரத்தில் எடை போடுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும், ஹார்மோன் ஊசியால் அல்ல. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். கறியில் இருந்தாலும் வயிற்றில் செரித்துப்போகும். உண்மையான சந்தேகம் உடல் எடை மீதுதான். கொழுப்புத் திசு லெப்டினைச் சுரந்து மூளைக்குப் ‘போதுமான சேமிப்பு இருக்கிறது’ என்று சேதி சொல்கிறது. மற்ற ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றுகிறது. பருமனான சிறுமிகளுக்கு மார்பு சீக்கிரம் வளர்வது பல நாடுகளில் பார்க்கப்பட்டது. கோவிட் ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்தபோது, இத்தாலியிலும் நம் புனேயிலும் முன்பூப்புடன் வந்த சிறுமிகளின் எண்ணிக்கை கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே நாட்டுக்கோழிக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கோழியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஆறு மாதத்தில் எலும்பு ஒரு வயது கூடியிருக்கலாம்.

தாமதமாகும் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. 13 வயது முடிந்தும் மார்பு மொட்டு விடாத பெண், 14 முடிந்தும் விதைகள் பெரிதாகாத பையன், இருவரும் பார்க்கப்பட வேண்டியவர்கள். பையன்களில் பெரும்பாலும் இது தாமதம் மட்டுமே. விசாரித்தால் அப்பாவும் கல்லூரி போன பிறகுதான் உயரமானேன் என்பார். எலும்பு வயதும் பின்தங்கி இருக்கும், அதாவது வளர இடம் மிச்சம் இருக்கிறது. மிகவும் மனம் ஒடிந்த பையனுக்குக் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி சில மாதம் கொடுத்துத் தூண்டிவிடுவதும் உண்டு. மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டால் எலும்பு மூடிவிடும், வேண்டவே வேண்டாம். ஆனால் எல்லாத் தாமதமும் அப்பா வழி அல்ல. அந்தப் பையனுக்குக் காப்பித்தூள் வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள். பிறந்ததிலிருந்தே மோப்பம் இல்லை என்றால், கால்மன் என்ற பிறவிக் குறையாக இருக்கலாம். கருவிலேயே வாசனை நரம்போடு சேர்ந்து பயணிக்க வேண்டிய ஜி.என்.ஆர்.எச். செல்கள் மூளைக்குள் போய்ச் சேரவில்லை என்று பொருள். பல வருடம் ‘வந்துவிடும்’ என்று காத்திருந்து, கல்யாணத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுவது இதன் சோகம்.

பெண்ணில் தாமதத்தோடு குள்ளமும் சேர்ந்திருந்தால் டர்னர் குறைபாட்டை விலக்க குரோமோசோம் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். இரண்டு எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமலோ குறைந்தோ போன நிலை. சினைப்பை வேலை செய்யாததால் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். ஏறி நிற்கும், மூளை உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. இதயமும் சிறுநீரகமும் பார்க்கப்பட வேண்டும். எட்டு வயதிலேயே கண்டுபிடித்தால் உயரத்துக்கான ஊசி பலன் தரும், பதினாறில் வந்தால் காலம் கடந்திருக்கும். மார்பு நன்றாக வளர்ந்தும் 15 வயது வரை மாதவிடாய் வராமல், மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலிக்கிற பெண்ணுக்கு, ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டு உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கலாம். வயிற்றுவலி மாத்திரை கொடுத்து மாதங்களைக் கடத்தாதீர்கள், ஒரு ஸ்கேன் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். பழைய பள்ளிக் கார்டை எடுத்துப் போன வருட உயரத்தைப் பாருங்கள். எட்டு வயதுக்குள் இருக்கும் பெண்ணும் ஒன்பதுக்குள் இருக்கும் பையனும் ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் எகிறியிருந்தால், அல்லது மேலே சொன்ன அறிகுறி ஒன்று இருந்தால், முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி நிபுணருக்கு, அதாவது பீடியாட்ரிக் எண்டோகிரைனாலஜிஸ்டுக்கு, சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது உயரக் கணக்கும், அப்பா அம்மா உயரமும், அம்மா வயசுக்கு வந்த வயதும், பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்து, லேகியம், பவுடரின் பெயரும் கையில் இருக்கட்டும். பரிசோதனைக்கு முன் பிள்ளையிடம், டாக்டர் எங்கே, எதற்காகத் தொட்டுப் பார்ப்பார், அம்மா கூடவே நிற்பேன் என்று சொல்லி வையுங்கள். நாளைக்கே நேரம் கேளுங்கள்.